கம்பை மாவாக்கி விற்கலாமா? கடலூர், புதுச்சேரி வட்டார விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

ஒரு மூட்டை கம்பை அப்படியே போடாமல் மாவாக்கி விற்றால் கையில் எவ்வளவு கூடுதலாக நிற்கும்?

நூறு கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-26ஆம் ஆண்டுக்குக் கம்பின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,775 ரூபாய். களத்துக்கு வரும் வியாபாரி அதற்குச் சற்றுக் கீழே கேட்பதே வழக்கம் என்பதால், கிலோ 26 ரூபாய் வீதம் 2,600 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். மாவு இந்தத் தொகையைத் தாண்டினால்தான் அது வருமானம்.

நூறு கிலோவைச் சலித்துப் புடைத்துக் கல்லும் சாவியும் நீக்கினால் 95 கிலோ தேறும். வெந்நீரில் முக்கி நன்றாகக் காயவைத்த பிறகு, பழைய ஈரமும் சேர்ந்து போய்விடுவதால் 92 கிலோ நிற்கும். மில்லில் பறப்பதும் ஒட்டுவதும் போக 90 கிலோ மாவு, அதாவது அரைக் கிலோ பாக்கெட் 180 கிடைக்கும். செலவைப் பார்த்தால், சுத்தம் செய்ய ஓர் ஆள் கூலி 400 ரூபாய், வெந்நீர் வேலைக்கும் காயவைக்கவும் இரண்டு ஆள் கூலி 800, விறகு 150, அரவைக் கூலி கிலோவுக்கு 8 வீதம் 736, பையும் லேபிளும் பாக்கெட்டுக்கு 6 வீதம் 1,080, போக்குவரத்து 300 என மொத்தம் 3,466 ரூபாய் ஆகிறது.

அரைக் கிலோ பாக்கெட்டின் விலை 45 ரூபாய் என்று வையுங்கள். கடைக்காரர் இருபது சதவீதம் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு 36 ரூபாய். பத்தில் ஒரு பாக்கெட் விற்காமல் திரும்பினால் 162 பாக்கெட்டுக்கு 5,832 ரூபாய் வரும். செலவு போக மிச்சம் 2,366. களத்திலேயே மூட்டையைத் தூக்கிக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 234 ரூபாய் குறைவு! ஆள் கூலியை வீட்டாரே செய்து மிச்சப்படுத்தினால் 966 ரூபாய் கூடுதலாகத் தெரியும். ஆனால் அது மூன்று ஆள் வேலைக்கான கூலியைக்கூட எட்டவில்லை.

அதே 180 பாக்கெட்டையும் முன்பதிவு வாங்கி, திரும்பி வராமல், நேரடியாக 45 ரூபாய்க்குக் கொடுத்தால் 8,100 ரூபாய் வரும். கூலி எல்லாம் கொடுத்த பிறகும் 4,634 நிற்கும். மூட்டையாக விற்பதைவிட இது 2,034 ரூபாய் அதிகம். அரவையும் பையும் இரண்டு கணக்கிலும் ஒன்றே. வித்தியாசம் கடைக்காரரின் பங்கிலும் திரும்பி வரும் பாக்கெட்டிலும்தான் இருக்கிறது. கூலியும் விலையும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், இதே வரிசையில் உங்கள் ஊர்த் தொகைகளைப் போட்டுப் பாருங்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரும் பாக்கெட்டுக்கான வரியைக் கணக்கில் எழுதுவதே இல்லை.

எங்கள் கம்பு மாவு பத்து நாளில் கசந்துவிடுகிறது. மில்லில் ஏதாவது கலந்துவிடுகிறார்களா?

மில்காரர் மீது பழி போட வேண்டாம். கசப்பு கம்புக்குள்ளேயே இருந்து வருகிறது. நூறு கிராம் கம்பில் ஏறத்தாழ 5 கிராம் கொழுப்பு உண்டு. கேழ்வரகில் இரண்டு கிராம் அளவும், தீட்டிய அரிசியில் அரை கிராம் அளவும்தான் உண்டு. கம்பின் முளைக்கரு தானியத்தின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது, எண்ணெயின் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது. கொழுப்பை உடைக்கும் லைபேஸ் என்ற நொதியும் அதே தானியத்தில்தான் இருக்கிறது. தானியம் முழுதாக இருக்கும் வரை இவை இரண்டும் தனித்தனி அறைகளில் இருப்பதைப்போல இருக்கின்றன. அதனால்தான் நன்றாகக் காய்ந்த கம்பு மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கிறது. அரைத்த நொடியில் அறைச் சுவர்கள் உடைந்து எண்ணெயும் நொதியும் கலக்கின்றன. நொதி எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகிறது, அதுதான் நாக்கின் பின்பக்கத்தில் கசப்பாகவும் புளிப்பாகவும் தெரிகிறது.

கடற்கரை ஓரத்துக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், அதே மாவு திட்டக்குடிப் பக்கத்தைவிடக் கடலூர் முதுநகரில் சீக்கிரம் கசக்கும். சும்மா அரைத்த கம்பு மாவு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விதக் கெடுதலைப் பிரித்தறியப் பழகுவது நல்லது. வாடை பெரிதாக மாறாமல், வாயில் போட்டதும் கசந்தால் அது நொதியின் வேலை. அந்த மாவு வெந்நீர்ப் பக்குவம் சரியாகப் படாதது. கசப்புக்கு முன்பே பழைய எண்ணெயின் சிக்கு வாடை அடித்தால், காற்றும் வெளிச்சமும் கொழுப்பைக் கெடுத்திருக்கின்றன. குறை பையிலோ, கடையின் கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி வைத்ததிலோ இருக்கும். முதலாவதற்கு அடுப்பையும் இரண்டாவதற்குப் பையையும் திருத்த வேண்டும்.

நாங்கள் முதல் ஆண்டில் இது தெரியாமல் புரட்டாசி மாதத்தில் நாற்பது கிலோ மாவைக் கடலூரில் ஒரு கடைக்குக் கொடுத்தோம். பதினைந்தாம் நாள் பாதி திரும்பி வந்தது. கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பாக்கெட்டைப் பிரித்து என் உள்ளங்கையில் கொட்டி, "நீங்களே வாயில் போட்டுப் பாருங்கள்" என்றார்.

வெந்நீரில் முக்கி எடுத்தால் கசக்காது என்கிறார்கள். அதை எப்படிச் செய்வது?

நொதி சூட்டில் செயலிழக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. அரைப்பதற்கு முன், தானியம் முழுதாக இருக்கும்போதே அதைச் செயலிழக்கச் செய்துவிட வேண்டும். அரைத்த பிறகு செய்வதில் பயன் இல்லை.

கம்பு ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு என்ற கணக்கில் வையுங்கள். ஒரு தவணைக்கு ஐந்து கிலோ கம்பு என்றால் இருபத்தைந்து லிட்டர் தண்ணீர் வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, மெல்லிய துணிப்பையில் தளர்வாகக் கட்டிய கம்பை உள்ளே இறக்கிக் கரண்டியால் புரட்டி விடுங்கள். தானியம் விழுந்ததும் கொதி அடங்கும். அது மறுபடி கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும். அப்போதிலிருந்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை போதும். உடனே தூக்கி, நீரை வடியவிட்டு, நிழலில் ஐந்து நிமிடம் ஆற வைத்துவிட்டுக் காயப் போடுங்கள்.

தவறு இரண்டு பக்கமும் நடக்கும். தண்ணீரைக் குறைத்துக் கம்பைக் கூட்டினால் சூடு இறங்கி, நடுவில் இருக்கும் தானியத்தில் நொதி பிழைத்துக்கொள்ளும்; அந்தத் தவணையின் மாவு மட்டும் இரண்டாம் வாரத்தில் கசக்கும். மாறாக மூன்று, நான்கு நிமிடம் விட்டால் மாவுச்சத்து வெந்து, தானியம் வெடித்துப் பிசுபிசுத்து, காய்ந்ததும் கல்லைப்போல ஆகும். சரியாக முக்கிய கம்பைக் கிள்ளினால் உள்ளே இன்னும் வெள்ளையாக, மாவாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடிபோல் தெளிந்திருந்தால் வெந்துவிட்டது என்று பொருள்.

வறுப்பதும் நொதியை அடக்கும், வறுத்த மாவின் மணமும் பலருக்குப் பிடிக்கும். கூழுக்கும் சத்துமாவுக்கும் அது பொருந்தும். ஆனால் பெரிய வாணலியில் எல்லா மணியும் ஒரே பதத்தில் வறுபடாது, அடியில் கருகியது மாவின் நிறத்தைக் கெடுக்கும். வாணலியருகே பொறுமையாக நிற்கக்கூடிய ஒருவர் வீட்டில் இல்லையென்றால் வெந்நீரே மேல்.

நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று கருவி இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

காய்ச்சல் போதாத கம்பை அரைப்பதைவிட அரைக்காமல் இருப்பதே நல்லது, ஏனெனில் வெந்நீர்ப் பக்குவத்தின் பயன் முழுவதையும் மிஞ்சிய ஈரம் தின்றுவிடும். வெள்ளைத் துணியின் மேல் விரற்கடை உயரத்துக்கும் குறைவாகப் பரப்பி, மணிக்கு ஒரு முறை கிளறி, இரண்டு முழு வெயில் காட்டுங்கள். மாலையில் கடற்காற்று இறங்குவதற்கு முன் வாரி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். இரவில் திறந்து கிடக்கும் கம்பு பகலில் விட்ட ஈரத்தில் ஒரு பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

பல்லில் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. இன்னொரு சோதனையும் உண்டு. ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு கம்பும், வாணலியில் வறுத்து ஆறவைத்த உப்பு ஒரு கரண்டியும் போட்டு, மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஒட்டவில்லை என்பது அதற்குக் கீழே இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். மாவுக்கு 10 சதவீதத்தை ஒட்டி இறங்க வேண்டும் என்பதால், உப்புச் சோதனையில் தேறிய பிறகும் இன்னொரு வெயில் காட்டுங்கள். முதல் முறை ஈரப்பதமானி வைத்துப் பார்த்துவிட்டால், அந்தப் பதத்தில் கடிக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்பது பல்லுக்குப் பழகிவிடும். விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, புதுச்சேரிக்காரர்கள் குரும்பாபேட்டில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ இதற்கு அணுகிக் கேட்கலாம்.

ஆடிப்பட்டத்துக் கம்பு ஐப்பசி மழையை ஒட்டி அறுவடைக்கு வரும்போது இந்தக் காய்ச்சல் கிடைப்பதே கடினம். மாவுக்கென்று ஒதுக்குவதாக இருந்தால், சித்திரையில் அறுக்கும் இறவைக் கம்பை ஒதுக்குங்கள்.

கதிரில் கறுப்பாகக் கொம்புபோல் சில மணிகள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்து அரைத்துவிடலாமா?

கூடவே கூடாது. அது தேனொழுகல் நோயின் பூசணக் கட்டி, நச்சுத்தன்மை உள்ளது. வெந்நீரில் முக்குவதால் அந்த நச்சு போய்விடாது. பூக்கும் பருவத்தில் தூறலும் மேகமூட்டமும் இருந்த வயல்களில் இது அதிகம் வரும். விதைக்குச் செய்வதைப்போலப் பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ கல்லுப்பைக் கரைத்துக் கம்பைக் கொட்டிக் கலக்கினால் நோய்க்கட்டிகளும் சாவியும் மிதக்கும். அவற்றை வழித்தெடுத்து எறிந்துவிட்டு, தானியத்தை இரண்டு முறை நல்ல நீரில் அலசுங்கள். உடைந்து சிறுத்த கட்டிகள் அடியில் தங்கிவிடக்கூடும் என்பதால் காய்ந்த பின் கண்ணாலும் ஒரு முறை பார்க்க வேண்டும். நோய் கடுமையாகக் கண்ட வயலின் கம்பை மாவுக்கு எடுக்காதீர்கள்.

மில்லில் அரைக்கக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மிளகாய் அரைக்கும் இயந்திரத்தில் கம்பு போகக் கூடாது. பல மில்களில் மிளகாய்க்குத் தனி இயந்திரம் இருக்கும். கோதுமைக்கும் கம்புக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். உங்கள் கம்பில் முதலில் ஒரு கிலோவை ஓட்டி, அந்த மாவை மாட்டுக்கு வைத்துவிட்டு, அடுத்து வருவதை மட்டும் பிடியுங்கள். காலையில் முதல் ஆளாகப் போனால் இயந்திரமும் சூடேறாமல் இருக்கும்.

மாவு வெளியே வரும்போது கை பொறுக்காத அளவுக்குச் சூடாகத்தான் இருக்கும். "இந்தச் சூட்டிலேயே நொதி செத்துவிடாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. அந்தச் சூடு நொதியை அழிக்கப் போதாது, வேகப்படுத்த மட்டும் போதும். சூட்டோடு பையில் அடைத்து ஒட்டினால் உட்புறம் வியர்த்து, ஓரங்களில் மாவு கட்டிப்படும். அந்த இடத்தில்தான் பூசணமும் தொடங்கும். துணியில் மெல்லிதாகப் பரப்பி, உள்ளே கைவிட்டால் குளிர்ச்சியாகத் தெரியும் வரை ஆறவிட்டு அடையுங்கள். மழை பெய்யும் நாளில் பாக்கெட் போடாதீர்கள்.

பாக்கெட்டில் எத்தனை நாள் என்று போடுவது?

பக்கத்துக் கடையில் இருக்கும் பெரிய நிறுவனத்தின் பாக்கெட்டைப் பார்த்து ஆறு மாதம் என்று அச்சடித்துவிடாதீர்கள். உங்கள் தவணையிலிருந்து எட்டு பாக்கெட்டை விற்காமல் எடுத்து, நான்கை நிழலான அலமாரியிலும் நான்கைக் கடையில் வைப்பதைப்போல வெளிச்சத்திலும் வையுங்கள். வாரத்துக்கு ஒன்று வீதம் இரண்டு பக்கத்திலிருந்தும் பிரித்து, சிறிது மாவைக் கொதிநீரில் கரைத்து மோந்து, சுவைத்துப் பாருங்கள். சூடான கரைசலில் கசப்பும் வாடையும் மறைய முடியாது. வீட்டில் இல்லாத ஒருவரிடமும் கொடுத்துக் கேளுங்கள், ஏனெனில் தினமும் கம்பு மாவில் புரளும் மூக்கு பழகிப்போயிருக்கும். முதலில் குறை தெரிந்த வாரத்திலிருந்து ஒரு வாரம் முன்னதாகத் தேதி போடுவது நல்லது. வெந்நீர்ப் பக்குவம் செய்து, நன்றாகக் காயவைத்த மாவு ஒரு மாத அளவு தாங்குவதை எதிர்பார்க்கலாம்.

இருப்பை மாவாக வைக்காமல், முக்கிக் காயவைத்த கம்பாகவே வைத்துக்கொண்டு, வாரா வாரம் வந்த ஆர்டருக்கு மட்டும் அரைப்பதுதான் நாங்கள் கடைசியில் பிடித்த வழி. அன்று முதல் திரும்பி வரும் பாக்கெட் அநேகமாக நின்றது. ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் வாரங்களில் மட்டும் இரட்டிப்பாக அரைப்போம்.

என்னென்ன பதிவு வேண்டும்? புதுச்சேரியிலும் விற்கலாமா?

உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு உற்பத்தியாளருக்கான பதிவு முதலில் வேண்டும். அதை இணையத்தில் foscos.fssai.gov.in தளத்தில் எடுக்கலாம். அதில் கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும். பாக்கெட் போட்டு விற்பவர் எடையளவுச் சட்டப்படி பொட்டலமிடுபவராகவும் பதிந்துகொள்ள வேண்டும். சிறியவர்கள் பலர் இதை விட்டுவிட்டுச் சோதனையின்போது மாட்டிக்கொள்கிறார்கள். பொருளின் பெயர், முகவரி, நிகர எடை, எல்லா வரியும் உட்பட அதிகபட்ச விலை, அதற்கு இணையாகக் கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பது, பொட்டலமிட்ட மாதம், தவணை எண், பச்சைப் புள்ளி ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். "சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்பதுபோல எழுதாதீர்கள். அதைச் சட்டம் அனுமதிக்காது.

புதுச்சேரி விஷயத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் இடறுகிறார்கள். பையில் அடைத்து லேபிள் ஒட்டிய மாவுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. உதிரியாக நிறுத்துக் கொடுக்கும் மாவுக்கு இல்லை. பொருள் விற்பனையில் ஆண்டு விற்றுமுதல் தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாயையும் புதுச்சேரியில் 20 லட்சத்தையும் தாண்டாத வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை என்பதால், சிறு விவசாயிக்கு அது பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் வரிக்குரிய பொருளை மாநில எல்லை தாண்டி அனுப்பினால் அந்த வரம்பே பொருந்தாது, முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு கட்டாயம். கடலூர்க்காரர் முள்ளோடையைத் தாண்டிக் கன்னியகோவில் கடைக்கு இருபது பாக்கெட் கொண்டுபோய்க் கொடுப்பது சட்டத்தின் பார்வையில் வெளிமாநில விற்பனை. ஆனால் அதைவிடத் தொலைவில் உள்ள சென்னைக்கு அனுப்புவது உள்மாநில விற்பனை. பாகூர்க்காரர் கடலூருக்குக் கொண்டுவந்தாலும் இதே நிலைதான். புதுச்சேரிக் கடைகள் உங்கள் விற்பனையில் பாதியாவது இருக்கும் என்று தோன்றினால் பதிவு எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லைக்கு இந்தப் பக்கமே வாடிக்கையாளரைத் தேடுங்கள்.

மஞ்சள், மிளகாய்க்கும் இதே முறைதானா?

இல்லை. அவற்றில் கம்பின் கசப்புச் சிக்கல் கிடையாது. அங்கே கவலை நிறமும் மணமும் பூசணமும்தான். மிளகாயை அதிகச் சூட்டில் அரைத்தால் நிறம் மங்கும், ஈரத்தோடு மூட்டை கட்டிய வற்றலில் நச்சுப் பூசணம் வரும். பொடித்த மசாலாவை உதிரியாக விற்க உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிப்பதில்லை என்பதால், மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் பாக்கெட்டில்தான் போக வேண்டும். கம்பு மாவைப்போல நிறுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்து ஆரம்பிக்காதீர்கள்.

சொந்தமாக அரவை இயந்திரம் வாங்கிவிட்டால் லாபம் கூடுமா?

மேலே உள்ள கணக்கில் அரவைக்கு 736 ரூபாய்தான் போகிறது. வாரம் இருபது கிலோ அரைக்கும் ஒருவருக்கு மில் கூலி 160 ரூபாய்; சொந்த இயந்திரம் வாங்கினால் மிச்சமாவது அதிகபட்சம் அவ்வளவுதான், அதிலும் மின்சாரச் செலவு போக வேண்டும். வாரம் நூறு கிலோவுக்குக் குறையாத ஆர்டர் ஆறு மாதம் தொடர்ந்து வந்த பிறகு யோசியுங்கள். அதுவரை கையில் பணம் இருந்தால், மழைக்காலத்திலும் கம்பு காயும்படி ஒளி புகும் தாள் போர்த்திய சிறிய சூரிய உலர்த்திக் கூடாரம் போடுங்கள். வெந்நீர்ப் பக்குவம் தொடங்கிய பிறகு எங்களிடம் மாவு கெட்ட தவணைகளில் மில்லால் கெட்டது ஒன்றுகூட இல்லை. எல்லாம் காய்ச்சல் போதாமல் கெட்டவை.